காகமும் பருந்தும் காயப்போட்ட மீனும்

தூத்துக்குடிக் கரையில் மொட்டை மாடியில் காயும் உணவை எடுத்துப் போகும் பறவைகளில் முதன்மையானவை காகமும் பருந்தும். இரண்டும் தேடுவது ஒரே உணவுதான். வரும் வழி வேறு. காகம் கைப்பிடிச் சுவரில் இறங்கி, சுற்றிலும் பார்த்து, பிறகு தரையில் குதித்து நடந்து வருகிறது. பருந்து பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை. மேலிருந்து சரிந்து வந்து, காலால் பற்றி, அதே வேகத்தில் மேலே ஏறிவிடுகிறது. ஒன்றைத் தடுக்கும் ஏற்பாடு மற்றதைத் தடுப்பதில்லை. ஏதாவது ஒரு காப்பு செய்த பிறகும் மாடியிலிருந்து மீன் குறைகிறது என்றால், பெரும்பாலும் அந்தக் காப்பு ஒரு பறவைக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கும்.

மாடியில் காய்பவை

திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் வியாபாரத்துக்கான கருவாடு பெரும்பாலும் மணலிலும் களத்திலும் காய்கிறது. வீட்டுத் தேவைக்கும் சில்லறை விற்பனைக்கும் உள்ளது மாடியில் காய்கிறது. நெத்திலி, சாளை, காரல் போன்ற சிறு மீன்கள் முழுதாகவே பரப்பப்படும். சீலா, கட்டா, வாளை போன்றவை கீறி, குடல் எடுத்து, உப்பிட்டுக் காயவைக்கப்படும். உள்ளூர் உப்பளங்களின் உப்பு அருகிலேயே கிடைப்பதால் பெரிய மீனுக்கு உப்புத் தட்டுப்பாடு இருப்பதில்லை. மூன்று அல்லது நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான கணக்கு.

மீன் அல்லாதவையும் உண்டு. கூழ் வற்றல், வெங்காய வடகம், மோர் மிளகாய், சீனியவரை வற்றல், சுண்டை வற்றல், கொப்பரை, வேகவைத்த நிலக்கடலை ஆகியவை கோடையில் மாடியை நிறைக்கின்றன. இவற்றில் காகத்துக்கு மிகவும் பிடித்தவை கொழுப்பும் மாவும் உள்ளவை: கருவாடு, கொப்பரை, கடலை, பாதி காய்ந்த கூழ் வற்றல். சுண்டை வற்றலை அது பெரும்பாலும் தொடுவதில்லை. பருந்துக்கு மாவுப் பண்டங்களில் நாட்டம் இல்லை. அது மீனுக்காக மட்டுமே மாடிக்கு வருகிறது.

மிளகாயின் காரம் பறவைகளை விரட்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. மிளகாயில் எரிச்சல் தரும் பொருளை உணரும் நரம்பு முனை மனிதருக்கும் மற்றப் பாலூட்டிகளுக்கும் இருப்பதுபோல் பறவைகளுக்கு வேலை செய்வதில்லை. அதனால்தான் கிளியும் மைனாவும் மிளகாய்ப் பழத்தைத் தயங்காமல் தின்கின்றன. கருவாட்டின் மேல் மிளகாய்ப் பொடி தூவுவதும் சுற்றிலும் மிளகாய் வற்றலைப் பரப்புவதும் அணிலைச் சற்றுத் தயங்க வைக்கலாம், காகத்தை நிறுத்தாது.

கோடையில் திருட்டு கூடுவதன் காரணம்

இந்தக் கரையில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். தை முதல் ஆவணி வரை வானம் தெளிந்து கிடக்கிறது. வற்றல் போடுவதற்கும் கருவாடு காய்வதற்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் மிகவும் ஏற்றவை. காகம் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலமும் ஏறக்குறைய இதுவேதான். தென்னிந்தியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காகக் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். அந்நாட்களில் ஒரு காகம் தன் பசிக்கு மட்டும் எடுப்பதில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்டு கூட்டுக்குப் போய், திரும்பவும் வருகிறது. ஒரே மாடிக்கு ஒரே காகம் ஒரு காலையில் பலமுறை வருவது இதனால்தான்.

மூன்றாவது காரணம் துறைமுகத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட இந்தத் தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன்பிடித் துறைமுகத்தில் விழும் கழிவும் குறைகிறது. மற்ற மாதங்களில் ஏலக்கூடத்தையும் படகுத் துறையையும் சுற்றிக்கொண்டிருந்த காகங்களும் பருந்துகளும் அப்போது வேறு இடம் தேடுகின்றன. வள்ளங்களில் வரும் மீன் மட்டும் கிடைப்பதால் கருவாட்டின் விலையும் ஏறிவிடுகிறது. காகக் குஞ்சுகளின் பசி, குறைந்த துறைமுகக் கழிவு, மாடியில் பரப்பிய உணவு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் வந்து சேர்கின்றன.

துறைமுகத்தோடு காகத்துக்கு உள்ள உறவு இந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. கப்பல்களில் தொற்றிச் சென்றும் மனிதரால் கொண்டுபோகப்பட்டும் இந்தியக் காகம் செங்கடல் துறைமுகங்களிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் குடியேறியது. 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோகப்பட்ட காகங்களின் வழித்தோன்றல்கள் அங்கிருந்து பரவின. 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்துக்கும் அவை வந்து சேர்ந்தன. 2024இல் கென்ய அரசு பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. அங்கே அது வந்தேறி. தூத்துக்குடியில் அது மண்ணின் பறவை. ஆகவே இங்கே செய்யக்கூடியது ஒழிப்பு அல்ல; உணவைக் காப்பதுதான்.

காகம் வரும் விதம்

மாடிக்கு வருவது பெரும்பாலும் கழுத்தில் சாம்பல் நிறம் கொண்ட சாதாரணக் காகம். முழுக் கறுப்பாகவும் சற்றுப் பெரிதாகவும் இருக்கும் அண்டங்காக்கை மரங்கள் மிகுந்த இடங்களில் கூடுதலாக வருகிறது. சாதாரணக் காகத்தின் எடை 300 கிராமுக்கு அருகில். அலகின் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். இவ்விரண்டு அளவுகளும் பின்னால் வலை கட்டும்போது தேவைப்படும்.

மீனைப் பரப்பியவர் மாடியில் இருக்கும்வரை காகம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலோ மின்கம்பத்திலோ உட்கார்ந்திருக்கும். படிக்கதவு மூடிய சிறிது நேரத்தில் கைப்பிடிச் சுவருக்கு வரும். உடனே இறங்காது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்க்கும். சுவர் மேலேயே இரண்டு மூன்று தத்தல் தத்தி, சுவரோரமாக உள்ள மீனுக்கு நேராக வந்து நிற்கும். பிறகு தரையில் குதித்து, உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, எந்த நொடியிலும் பறக்கத் தயாராக நெருங்கும். ஒரு மீனைக் கவ்வி, போட்டுவிட்டு, அதைவிடப் பெரியதைக் கவ்வும். அடுத்த மாடிச் சுவருக்குப் போய்க் காலடியில் அழுத்திக் கிழித்துத் தின்னும். மிச்சத்தை ஓட்டுச் சந்திலோ பூந்தொட்டியிலோ செருகி, மேலே ஒரு காய்ந்த இலையை இழுத்து மூடும். இப்படி ஒளித்து வைக்கும் வழக்கம் இருப்பதால் வயிறு நிறைந்த காகமும் எடுப்பதை நிறுத்துவதில்லை.

இந்த நடைமுறையிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. ஒன்று, சுவரோரத்தில் பரப்பியதே முதலில் போகிறது. பரப்பும் இடத்தை எல்லாச் சுவர்களிலிருந்தும் ஐந்தாறு அடி தள்ளி நடுவில் அமைத்தால் காகம் திறந்த தரையில் நடந்து வரவேண்டியிருக்கும். அது தயங்கும், ஆனால் முழுதாக நிற்காது. மற்றொன்று, காகம் காய்ந்த உணவைத் தண்ணீரில் முக்கி நனைத்துத் தின்னும் பழக்கம் உடையது. மாடியில் மூடாத வாளியோ மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதில் கருவாட்டுத் துண்டுகள் விழும். குடிநீர்த் தொட்டியின் மூடி இறுக்கமாக இருப்பது மீனைக் காப்பதைவிட அவசரமான வேலை.

அமாவாசைக்கும் திதிக்கும் காகத்துக்குச் சோறு வைப்பது வீடுகளின் வழக்கம். பலர் தினமும் சமைத்தவுடன் முதல் பிடிச் சோற்றை மாடிச் சுவரில் வைக்கிறார்கள். எந்த வீட்டின் எந்தச் சுவரில் எந்த நேரத்தில் உணவு கிடைக்கும் என்பதைக் காகம் விரைவில் கற்றுக்கொள்கிறது. வற்றல் காயும் மாதங்களில் அந்தச் சோற்றை மாடியில் வைக்காமல் வீட்டின் முன்புறமோ பின்கட்டிலோ தரைமட்டத்தில் வைத்தால் வழக்கமும் நிற்காது, மாடியும் உணவு கிடைக்கும் இடமாகப் பழகாது. பழைய பழக்கம் மறக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இந்த மாற்றத்தை மாசி மாதத்திலேயே தொடங்குவது நல்லது.

பருந்து வரும் விதம்

கரையில் இரண்டு வகைப் பருந்துகள் உள்ளன. தலையும் மார்பும் வெள்ளையாகவும் முதுகும் இறக்கையும் செங்காவியாகவும் இருப்பது செம்பருந்து. கருடன் என்று கும்பிடப்படுவது இதுதான். உடல் முழுதும் மங்கிய பழுப்பாக, வால் நுனி சற்றே பிளவுபட்டு இருப்பது ஊர்ப்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். செம்பருந்தின் விரித்த இறக்கை நான்கு அடி அளவு. ஊர்ப்பருந்துக்கு ஐந்து அடிவரை போகும்.

இரண்டும் வானில் வட்டமிட்டுக் கண்ணால் தேடுகின்றன. நீர்மட்டத்தில் மிதக்கும் மீனைத் தூக்குவது போலவே மாடியில் பரப்பிய மீனையும் தூக்குகின்றன. இதற்கு அவற்றுக்கு இரண்டு திறப்புகள் வேண்டும்: உள்ளே சரிந்து வர ஒரு வழி, வேகம் குறையாமல் வெளியேற எதிர்ப்புறத்தில் ஒரு வழி. சுற்றிலும் உயர்ந்த வீடுகள் நெருங்கியிருக்கும் சிறு மாடியில் பருந்து தொல்லை குறைவாக இருப்பதும், கடலைப் பார்த்துத் திறந்த பெரிய மாடியில் அதிகமாக இருப்பதும் இதனால்தான். நெத்திலி போன்ற சிறு மீனைவிட ஒரு கைப்பிடியில் அடங்கும் காரல், சாளை, வாளைத் துண்டு ஆகியவற்றையே அது குறிவைக்கிறது. கொடிக்கயிற்றில் தொங்கவிட்ட வாளை அதற்கு மிக எளிதான இலக்கு.

பருந்து மட்டுமே தொல்லை என்றால் தலைக்கு மேல் கயிறு கட்டினால் போதும். மாடியின் இரு பக்கங்களிலும் கம்பு நட்டு, ஏழு அடி உயரத்தில், இரண்டு அடிக்கு ஒன்றாகத் தடித்த நைலான் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். விரித்த இறக்கையைவிட இடைவெளி குறைவாக இருப்பதால் பருந்து உள்ளே சரிவதில்லை. கயிறு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும். இடையிடையே துணித் துண்டுகளும் கட்ட வேண்டும். கயிறு கண்ணுக்குத் தெரிந்தால்தான் பறவை விலகும். தெரியாவிட்டால் மோதி இறக்கை முறியும்.

இந்த ஏற்பாட்டின் குறை காகத்தின் பக்கம் இருக்கிறது. கட்டிய கயிறு காகத்துக்கு உட்கார இடமாகிறது. அங்கிருந்து நேராகக் கீழே இறங்கும்; கீழே உள்ள மீன்மேல் எச்சமும் இடும். ஆகவே காகமும் பருந்தும் சேர்ந்து வரும் மாடியில் கயிறு மட்டும் கட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

எடுத்தது எது என்று அறிவது

காப்பு அமைப்பதற்கு முன் யார் எடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒருநாள் ஒளிந்து பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் விரித்த பாயே சொல்லிவிடும். சுவர்ப்பக்க ஓரம் கலைந்து, மீன்கள் சிதறி, பாதி கிழிந்த துண்டுகள் தள்ளிக் கிடந்தால் வந்தது காகம். கூழ் வற்றலில் நடுவே குத்திய ஓட்டையும் ஈர மாவில் மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாகக் கால்தடமும் இருக்கும். பாயின் நடுவிலிருந்து ஒரே ஒரு மீன் காணாமல் போய், சுற்றியுள்ளவை அசையாமல் இருந்தால் வந்தது பருந்து. கடலையிலும் கொப்பரையிலும் பல்லால் சுரண்டிய இணைகோடுகள் இருந்தால் அது அணில். இரவில் குறைந்தால் எலியோ பூனையோதான். காகமும் பருந்தும் அந்தி சாய்ந்தபின் வருவதில்லை.

பயமுறுத்தும் வழிகளின் எல்லை

விரித்த கறுப்புக் குடை, கொடியில் தொங்கும் கறுப்புத் துணி, மின்னும் தகடு, பழைய குறுந்தகடு, காற்றில் படபடக்கும் பளபளப்பு நாடா ஆகியவற்றைப் பலரும் வைக்கிறார்கள். இவை எல்லாமே முதல் நாளில் வேலை செய்யும். புதிய பொருளைக் கண்டால் காகம் ஒதுங்கிப் பார்க்கும் இயல்புடையது. அந்தப் பொருள் அசையாமல் ஒரே இடத்தில் இருந்து, அதனால் எந்தத் துன்பமும் வரவில்லை என்று தெரிந்ததும் சில நாட்களில் அதன் மேலேயே உட்காரும்.

இதற்குப் பொருள், இவற்றை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. நெத்திலி நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே காயவைக்கும் வீட்டுக்கு, அன்றன்று இடம் மாற்றி வைக்கும் குடையும் நாடாவும் போதுமானவை. காய்ந்தது எடுக்கப்பட்டதும் அவற்றையும் உடனே எடுத்துவிட வேண்டும். உணவு இல்லாத நாட்களிலும் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த முறை அவற்றுக்கு மதிப்பு இருக்காது. மாதக்கணக்கில் தொடர்ந்து காயவைப்பவர்களுக்கு இது உதவாது.

கல்லெறிவதால் வேறு ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்துப் பின் விடுவித்தார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. ஆண்டுகள் கழிந்தும் அந்த முகத்தை அவை மறக்கவில்லை. பிடிபடாத காகங்களும் அதைக் கற்றுக்கொண்டன. அது அமெரிக்கக் காகம். ஆனால் நம் ஊர்க் காகமும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. கல்லெறிந்தவர் மாடிக்கு வந்தால் காகக் கூட்டம் கரையும். அவர் இறங்கிப் போனதும் மீண்டும் வரும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது அவர் தலையைக் கொத்தவும் வரும்.

கட்டிலும் வலைக்கூடும்

காகம், பருந்து இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் எளிய வழி வலைக்கூடுதான். ஆனால் மீன்மேல் வலையை நேரடியாகப் போர்த்துவது கூடு ஆகாது. போர்த்திய வலைமேல் காகம் நின்று, கண்ணி வழியாக அலகை விட்டு மீனைத் துண்டு துண்டாக இழுத்துவிடும். வலை மீனில் ஒட்டிக் காற்றோட்டத்தையும் கெடுக்கும். வலைக்கும் உணவுக்கும் இடையே அலகு எட்டாத வெளி இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரே விதி.

5 கிலோ பச்சை நெத்திலி காயவைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அது காய்ந்தால் ஒன்றே கால் கிலோ அளவுக்கு வரும். ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்ப 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பழைய கயிற்றுக் கட்டில் போதும். கட்டிலின் மேல் சிறு கண்ணி உள்ள பழைய நெத்திலி வலையை இழுத்துக் கட்டி அதில் மீனைப் பரப்ப வேண்டும். தரையில் விரித்த தார்ப்பாயில் மேல்பக்கம் மட்டும் காயும். உயர்த்திய வலையில் கீழிருந்தும் காற்று புகுவதால் விரைவாகக் காயும், மணலும் ஒட்டாது.

கட்டிலுக்கு மேல் கவிழ்க்க ஒரு கூடு வேண்டும்: நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் 1 அடி. முக்கால் அங்குல பிவிசி குழாயில் செய்தால் நீளவாட்டில் நான்கு, அகலவாட்டில் நான்கு, மூலைகளில் ஓரடித் துண்டுகள் நான்கு தேவை. மொத்தம் 40 அடி; 20 அடிக் குழாய்கள் இரண்டில் முடிந்துவிடும். மூலைகளுக்கு மூன்று பக்கமும் செருகும் இணைப்பு எட்டு வேண்டும். அந்த இணைப்பு கிடைக்காத இடத்தில் ஓரங்குல மரச்சட்டத்தில் ஆணியடித்துச் செய்யலாம். மேலேயும் நான்கு பக்கமும் மூட 9 அடிக்கு 6 அடி அளவுள்ள வலை போதும். ஓரங்களில் அரையடி மடித்துக் கட்டவும் அதில் இடம் இருக்கும்.

வலைக்குக் கொசுவலைத் துணி மிகவும் ஏற்றது. காகத்தின் அலகு அதில் நுழையாது என்பதோடு ஈயும் நுழையாது. ஈரம் உள்ள முதல் சில மணி நேரத்தில்தான் ஈ மீனில் முட்டையிடுகிறது. கருவாட்டில் புழு வைப்பது அதனால்தான். ஒரே துணியில் இரண்டு தொல்லையும் தீர்கிறது. மேல் வலை தொய்யாமல் இருக்க, கூட்டின் அகலவாட்டில் இரண்டு அடிக்கு ஒன்றாக நைலான் கயிறு இறுக்கிக் கட்டி, அதன்மேல் வலையை விரிக்க வேண்டும். 300 கிராம் காகம் ஒன்று மேலே உட்கார்ந்தால் வலை சில சென்டிமீட்டர் தாழும். அலகு இன்னும் 5 சென்டிமீட்டர் எட்டும். ஓரடி உயரம் என்பது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். இரண்டைக் கழித்தாலும் மீனுக்கு மேல் அரையடிக்கு மேற்பட்ட வெளி மிஞ்சுகிறது.

கூட்டைக் கட்டில் சட்டத்தோடு நான்கு மூலையிலும் கயிற்றால் கட்ட வேண்டும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று பலமாக வீசும். கட்டாத கூடு கவிழ்ந்துபோகும். மீனைப் புரட்டும்போது ஒரு நீளப்பக்கக் கயிறுகளை மட்டும் அவிழ்த்து, பெட்டி மூடி திறப்பதுபோல் தூக்கிக்கொள்ளலாம். முதல் நாளில் இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். வலைத்துணி காற்றை ஓரளவு குறைப்பதால் திறந்த வெளியைவிடச் சில மணி நேரம் கூடுதலாகும். நெத்திலியை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் வெயில் வேண்டும். மாலையில் ஈரக்காற்று வருமுன், நாலரை மணியளவில், மீனை ஓலைப்பெட்டியில் அள்ளி வீட்டுக்குள் வைத்து மறுநாள் வெயில் ஏறியபின் பரப்ப வேண்டும். காகத்தின் அதிகாலைத் தேடலும் அந்திவேளைத் தேடலும் இதனால் தானாகவே தவிர்க்கப்படுகின்றன.

கீறி உப்பிட்ட பெரிய மீனுக்குக் கூட்டின் உயரம் போதாது என்று தோன்றலாம். அவற்றைத் தொங்கவிடாமல் இதே கட்டிலில் தோல் கீழாகப் படுக்க வைத்தால் கூடு மூடிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத நிலை வந்தால் காய்ந்தது என்று கொள்ளலாம்.

வற்றலுக்கும் வடகத்துக்கும்

கூழ் வற்றல் வேட்டித் துணியில் ஊற்றப்படுவதால் கட்டிலில் விரிக்க முடியாது, தரைமட்டம் தேவை. பருந்து இதற்கு வருவதில்லை என்பதால் காகத்தை மட்டும் தடுத்தால் போதும். அதே வலைக்கூட்டைத் தரையில் கவிழ்த்து, விளிம்புகளில் செங்கல் வைத்தால் காகம் அடியில் தலை நுழைக்க முடியாது. மாவு துணியில் ஒட்டியிருக்கும் முதல் அரைநாள்தான் ஆபத்தான நேரம். உரித்தெடுத்த பின் வற்றலைச் சுளகில் போட்டு மேலே மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி வெயிலில் வைக்கலாம். காகம் பெரும்பாலும் கண்ணால் தேடுவதால் மூடிய சுளகு அதன் கவனத்தில் படுவது குறைவு. பச்சை மாவின் மேல் துணி மூடினால் ஒட்டிக்கொள்ளும், புளிக்கவும் செய்யும். ஆகவே துணி மூடுவது இரண்டாம் நாளுக்கு மட்டும் உரியது.

கலைந்த உணவை என்ன செய்வது

பறவை நடந்து போன பாயில் இழப்பு எடுத்துப் போன மீனோடு முடிவதில்லை. காகமும் பருந்தும் குப்பைமேட்டிலும் செத்த உயிர்களிலும் மேய்பவை. அவற்றின் எச்சத்திலும் காலிலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். எச்சம் விழுந்த மீனையும் அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு உள்ளவற்றையும் எடுத்து எறிய வேண்டும். கொத்திய துண்டையும் வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த மீனைக் கழுவித் திரும்பக் காயவைப்பது தீர்வல்ல. நனைந்த கருவாடு மீண்டும் உலர்வதற்குள் கெடத் தொடங்கும். வெயிலும் உப்பும் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை என்பதால் கருவாட்டைச் சமைக்கும்முன் வெந்நீரில் அலசி நன்றாக வேகவைப்பது எப்போதும் தேவை.

செய்யக் கூடாதவை

நஞ்சு வைப்பது எந்த நிலையிலும் கூடாது. காயும் உணவுக்கு அருகில் வைத்த நஞ்சு அந்த உணவிலேயே சேரும். நஞ்சு தின்று செத்த காகத்தைத் தின்னும் பருந்தும் நாயும் சாகும். பருந்து 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பறவை. அதே சட்டத்தில் காகம் முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. காகத்தைக் கொல்லலாம் என்று பழைய நினைவில் சொல்வது இன்று செல்லாது.

கூட்டுக்கோ கயிற்றுக்கோ தங்கூசி வலையைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை என்பதால் கடலில் மீன் சிக்குவதுபோலவே பறவையின் காலும் இறக்கையும் அதில் சிக்கும். பட்டம் விடும் மாஞ்சா நூலைக் கட்டுவது இன்னும் கொடியது; கண்ணாடித் தூள் பூசிய நூலையும் நைலான் மாஞ்சாவையும் 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுதும் தடை செய்தது. தடித்த இழையில் முடிச்சுப் போட்ட வலையும் கொசுவலையும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும்வரை எந்தப் பறவையையும் சிக்கவைப்பதில்லை. தொய்ந்த வலை எதுவானாலும் சிக்கவைக்கும். பறவை ஏதேனும் சிக்கினால் தலைமேல் துணி போர்த்தி, இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடித்து, இழையைக் கத்தரியால் வெட்டி விட வேண்டும். பருந்தின் நகம் ஆழமாகக் கீறும் என்பதால் தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

ஆடி முடிந்து காயவைக்கும் வேலை குறைந்ததும் வலைக்கூட்டைக் கழற்றி, துணியை நன்னீரில் அலசி உப்பு நீக்கி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் துணி ஓராண்டில் இற்றுப்போகும்; கிழிந்த ஓட்டையைக் காகம் முதல் நாளே கண்டுபிடித்துவிடும். அடுத்த மாசியில் எடுக்கும்போது ஒவ்வோர் ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் தைத்து, குறுக்குக் கயிறுகளைப் புதிதாக இறுக்கிய பிறகே மீனின் மேல் கவிழ்க்க வேண்டும்.